மூணு சரம் முத்து மாலை: ஓட்டையையும் மேல்பரப்பையும் போட்டோவுல பார்த்து அசலா மணியான்னு சொல்ல முடியுமா?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தியோட மூணு சரம் முத்து மாலை இப்ப எங்க அக்கா தங்கச்சிங்க கைக்கு வந்திருக்கு. தூத்துக்குடி கடல் முத்துன்னு சித்தி எப்பவும் சொல்லுவாங்க. ஆளுக்கு ஒரு சரமா பிரிச்சுக்கலாம்னு பேசினோம், ஆனா பிரிக்கிறதுக்கு முன்னாடி மூணும் ஒரே தரமா, இல்ல நடுவுல யாராவது கண்ணாடி மணி கோர்த்திருக்காங்களான்னு தெரியணும், ஏன்னா பின்னாடி ஒருத்தருக்கு மட்டும் மணி போயிடுச்சுன்னா மனஸ்தாபம் ஆகிடும். நகைக்கடையில காட்டினோம், பல்லுல தேய்ச்சு பார்த்துட்டு "நல்ல முத்துதான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க, மூணுல ஒரே ஒரு மணியைத்தான் தேய்ச்சாங்க. போன்ல மூணு போட்டோ எடுத்து போட்டிருக்கேன். முதல்ல முழு மாலை, அடுத்து கிட்டத்துல ஒரு சரம், மூணாவது கொக்கி பக்கம். பார்த்து சொல்லுங்க.

தங்கவேட்டை

ரெண்டாவது போட்டோவை ஜூம் பண்ணி பார்த்தேன் அக்கா. மேல்பரப்பு முழுக்க பொடிப்பொடியா புள்ளி தெரியுது. அசல் முத்து மேல அப்படி இருக்காது, போலியோட கோட்டிங்தான் அப்படி பொடி தூவின மாதிரி தெரியும்னு நான் நிறைய எடத்துல படிச்சிருக்கேன். சாரி, இது மணிதான்.

மேக்ரோமணி

ஒரு நிமிஷம். அதே போட்டோவுல முத்துக்கு பின்னாடி இருக்கிற மேஜையை ஜூம் பண்ணி பாருங்க, அங்கயும் அதே பொடிப்புள்ளி அதே அளவுல இருக்கு. முத்துல இருக்கிற புள்ளி மேஜையிலயும் இருந்துச்சுன்னா அது முத்தோடது இல்ல, கேமராவோடது. ராத்திரி டியூப்லைட்ல எடுத்திருக்காங்க, வெளிச்சம் பத்தாம போன் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணர்ற அளவை ஏத்திடுச்சு, அப்புறம் அதுவே ஷார்ப்னஸ் கூட்டிவிட்டு அந்த புள்ளிக்கெல்லாம் ஓரம் கட்டியிருக்கு. இதுக்கு எதிர்ப்பக்கமும் நடக்கும், சில போன் நாய்ஸை தடவி விட்டு கோட்டிங் மணியைக்கூட வழவழன்னு காட்டிடும். அதனால மேல்பரப்பை பத்தி பேசறதுக்கு முன்னாடி பின்னணியில இருக்கிற துணியோட இழை தெரியுதான்னு பார்க்கணும். துணி இழை தெளிவா தெரிஞ்சாதான் முத்து மேல தெரியறதையும் நம்பலாம்.

தங்கவேட்டை

சரி அந்த போட்டோ மோசம், ஒத்துக்கிறேன். ஆனா நான் சொன்ன விஷயம் தப்பில்லையே, போலி மேல பொடியாத்தான் தெரியும்.

கோர்ப்புக்கடை

தங்கவேட்டை தம்பி சொன்னதுல விஷயம் இருக்கு, ஆனா அதை எந்த அளவு பெருசாக்கி பார்க்கிறோம்ங்கறதுதான் முக்கியம். நான் ஹைதராபாத் பத்தர்கட்டி பக்கம் முத்து கோர்க்கிற வேலையில இருந்துட்டு இப்ப கோயமுத்தூர்ல அதே வேலை பார்க்கிறேன். பத்து மடங்கு லென்ஸ்ல அசல் முத்தை பார்த்தா அங்கங்க சின்ன குழி, சுருக்கம், மேடு இருக்கும், ஆனா அந்த குழிக்கும் இந்த குழிக்கும் நடுவுல இருக்கிற எடம் வழவழன்னு இருக்கும். போலியில அப்படி இடைவெளியே இருக்காது, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பொடியா, சில சமயம் குட்டிக்குட்டி காத்துக்குமிழ் உடைஞ்ச தடத்தோட இருக்கும். நாப்பது அறுபது மடங்கு காட்டுற மைக்ரோஸ்கோப் வெச்சாத்தான் அசல் முத்துல வளைஞ்சு வளைஞ்சு போற மெல்லிசு கோடுங்க தெரியும். சிப்பி அடுக்கு அடுக்கா பூசும்போது ஒவ்வொரு அடுக்கும் முடியற ஓரம் அது. அந்த கோடு தெரிஞ்சா பேச்சே இல்ல, ஆனா போன் போட்டோவுல அது தெரியலைன்னு சொல்லி முத்தை போலின்னு தள்ளக்கூடாது.

அதனால போட்டோவுல பார்க்கிறதா இருந்தா நான் மேல்பரப்பை ரெண்டாவதா வெச்சு முதல்ல ஓட்டைக்குத்தான் போவேன். மேலே என்ன வேணா பூசலாம், ஓட்டைக்குள்ள என்ன இருக்குன்னு மறைக்கறது கஷ்டம்.

வைகைக்கரை மேடம், நூலை அறுக்க வேணாம். ஒவ்வொரு சரத்துலயும் ரெண்டு மணிக்கு நடுவுல இருக்கிற நூலை நகத்தால லேசா தள்ளினீங்கன்னா ஒரு பக்க ஓட்டையோட வாய் தெரியும். மாலை முடிச்சு போடாம கோர்த்திருக்கு, நம்ம பக்கம் நிறைய அப்படித்தான், அதனால கொஞ்சம் இடம் கிடைக்கும். எல்லா மணியும் வேணாம், ஒரு சரத்துக்கு கொக்கி பக்கம் ரெண்டு, நடுவுல ரெண்டு போதும். கொக்கி பக்கத்து மணிதான் அதிகம் தேயும், அங்கதான் உண்மை வெளியே வரும்.

ராசிக்கல்_ரசிகன்

ஐயா, எனக்கு ஜோசியர் சந்திரனுக்கு முத்து மோதிரம் போட சொல்லியிருக்கார். கடையில கொடுத்த முத்துல ஓட்டையே இல்ல. ஓட்டை இல்லாததால அது போலின்னு அர்த்தமா?

கோர்ப்புக்கடை

இல்லீங்க. ஓட்டை இல்லாததால போலின்னு ஆகாது. மோதிரத்துக்கு பெரும்பாலும் முத்தை முழுசா துளைக்க மாட்டாங்க, அடியில பாதி வரைக்கும் துளைச்சு கம்பி மேல ஒட்டுவாங்க, இல்லன்னா துளைக்காமலேயே விளிம்பு கட்டி பிடிச்சுடுவாங்க. இங்க பேசறது கோர்த்த மாலையை பத்தி. உங்களுது இன்னும் மோதிரத்துல பதிக்கலைன்னா பில்லோட லேப் சர்ட்டிபிகேட் கேளுங்க, போட்டோவை வெச்சு நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது.

மேக்ரோமணி

எப்படி எடுக்கணும்னு நான் சொல்றேன். காலையில ஜன்னல் ஓரமா எடுங்க, நேரா வெயில் வேணாம். கீழ இழை தெரியற கறுப்பு பருத்தித் துணி. வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்து சரிஞ்சு வரணும், பிளாஷ் போட்டா முத்து மேல வெள்ளைத் திட்டு விழுந்து ஓட்டை ஓரம் முழுக்க அதுல போயிடும். போன்ல மேக்ரோன்னு தனியா ரெண்டு மெகாபிக்சல்ல ஒரு லென்ஸ் இருந்தா அதை தொடாதீங்க, மெயின் கேமராவுல கிளிப் லென்ஸ் மாட்டி எடுங்க, ஆன்லைன்ல பதினஞ்சு மடங்குன்னு போட்டு சல்லிசா கிடைக்கும். பியூட்டி, எச்டிஆர், எல்லாம் ஆஃப். போனை கையில பிடிக்காம ரெண்டு புக் மேல வெச்சு மூணு செகண்ட் டைமர் போடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேலை மில்லிமீட்டர் கோடு தெரியற மாதிரி, ஓட்டை இருக்கிற அதே உயரத்துல வைங்க. ஒரே ஓட்டையை மூணு கோணத்துல எடுங்க, நேரா ஒண்ணு, ரெண்டு சாய்வா. நேரா எடுத்தது ஓட்டையோட அளவுக்கு, சாய்வா எடுத்தது உள்சுவரை பார்க்கறதுக்கு. அனுப்பும்போது வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாகுமெண்டா அனுப்புங்க, இல்லன்னா அது அமுக்கி அனுப்பி ஓட்டை ஓரத்துல இல்லாத கட்டம் கட்டமா ஏதாவது கொண்டு வந்துடும்.

மன்னார்க்காற்று

வணக்கம். நான் இப்ப டொரண்டோவில இருக்கிறன், அம்மம்மா மன்னாரில இருந்தவ. அவவின்ர முத்துத் தோடு ஒரு சோடி என்னட்ட இருக்கு. வைகைக்கரை அக்கா சொன்ன மாதிரி எங்கட வீட்டிலயும் கடல் முத்து எண்டுதான் சொல்லுவினம். எனக்கு ஓட்டை தெரியாது, அடியில தங்கக் கம்பியில ஒட்டிக் கிடக்கு. இதை எப்பிடிப் பாக்கிறது? கம்பி சேருற இடத்தில வெள்ளையா ஏதோ உடைஞ்ச மாதிரி இருக்கு, அதைப் பாத்தாத்தான் பயமா இருக்கு.

தங்கவேட்டை

நெருப்பு டெஸ்ட் பண்ணுங்க அக்கா. லைட்டர் காட்டினா அசல் முத்துக்கு ஒண்ணும் ஆகாது, பிளாஸ்டிக் உருகிடும். ஹைதராபாத்ல கடைக்காரங்களே செஞ்சு காட்டுவாங்க.

கோர்ப்புக்கடை

தயவுசெஞ்சு யாரும் இதை செய்யாதீங்க. பிளாஸ்டிக் உருகும்ங்கறது உண்மைதான், ஆனா கண்ணாடி மணி உருகாதே, அது அந்த சூட்டையும் தாங்கி நின்னா அசல்னு சொல்லிடுவீங்களா? முத்துல சுண்ணாம்பு தவிர அடுக்குகளை ஒட்டி வெச்சிருக்கிற பசை மாதிரி ஒரு பொருளும் கொஞ்சம் ஈரமும் இருக்கு. சூடு பட்டா அது காஞ்சு பளபளப்பு போகும், நிறம் மாறும், வெடிப்பும் விடலாம், அது திரும்பி வராது. கடைக்காரர் ஒரு நொடி காட்டிட்டு எடுத்துடுவார், வீட்டுல செய்யறவங்க அப்படி எடுக்க மாட்டாங்க. பாட்டி தோட்டுல இதை செய்யச் சொல்றது ரொம்ப தப்பு தம்பி.

மன்னார்க்காற்று அக்கா, கம்பி சேர்ற எடத்துல உடைஞ்சிருக்கறதே பயப்பட வேண்டிய விஷயம் இல்ல. எப்படி உடைஞ்சிருக்குன்னுதான் பார்க்கணும். மேக்ரோமணி சொன்ன மாதிரி சாய்வா ஒரு போட்டோ எடுங்க, கம்பியும் உடைஞ்ச எடமும் ரெண்டும் தெரியற மாதிரி.

தங்கவேட்டை

தாத்தா காலத்துலேர்ந்து செய்யற டெஸ்ட் அது. சரி, விடுங்க. பல்லுல தேய்க்கறதாவது சரிதானே? நறநறன்னா அசல், வழுக்கினா போலி.

கோர்ப்புக்கடை

பல்லு டெஸ்ட் பாதி சரி. வழுக்கிட்டு போனா சந்தேகப்படலாம், நறநறன்னு இருக்கிறதால மட்டும் அசல்னு சொல்ல முடியாது, போலி மணியிலயும் நறநறப்பு இருக்கிறதை நான் பார்த்திருக்கேன். அதோட மேடம் சொன்னாங்களே, கடையில ஒரே ஒரு மணியைத்தான் தேய்ச்சாங்கன்னு. கலந்து கோர்த்த மாலைக்கு அது எதுக்கும் ஆகாது.

வைகைக்கரை

கிளிப் லென்ஸ் வாங்கி, சொன்ன மாதிரியே ஜன்னல் ஓரத்துல எடுத்துட்டேன். சரத்துக்கு நாலு மணி, மொத்தம் பன்னெண்டு மணி. உள்சரம், நடுச்சரம், வெளிச்சரம்னு பேர் போட்டு போல்டர்ல ஏத்தியிருக்கேன். நான் பார்த்த வரைக்கும் உள்சரமும் நடுச்சரமும் ஒரே மாதிரி இருக்கு, வெளிச்சரத்துல ஓட்டை பெருசா தெரியுது, வாய் ஓரத்துல ஏதோ உரிஞ்சிருக்கு. சரியா பார்க்கத் தெரியல.

கோர்ப்புக்கடை

அருமையா எடுத்திருக்கீங்க, துணி இழை ஒவ்வொண்ணும் தெரியுது. உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்தேன், கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல வெளிச்சரம், ஏன்னா அதுதான் சுலபம். நேரா எடுத்த போட்டோவுல மணியோட குறுக்களவு 1500 பிக்சல், ஸ்கேல் படி அது 6 மில்லிமீட்டர். ஓட்டை 325 பிக்சல், அப்ப 1.3 மில்லிமீட்டர் வருது. முத்தை எடை பார்த்து விக்கிற வழக்கத்துல யாரும் இவ்வளவு பெருசா துளைச்சு எடையை பொடியாக்க மாட்டாங்க, அதுலயும் 6 மில்லிமீட்டர் முத்துல. ஆனா பெரிய ஓட்டைங்கறதால மட்டும் நான் போலின்னு சொல்லல, தடிமனான நூல் போடறதுக்காக பின்னாடி அகலப்படுத்தின அசல் முத்தும் உண்டு. சாய்வா எடுத்ததை பாருங்க. ஓட்டை வாயைச் சுத்தி ஒரு சின்ன வரப்பு மாதிரி மேடு கட்டியிருக்கு. மணியை கலவையில முக்கி எடுத்து காய வைக்கும்போது கலவை வழிஞ்சு ஓட்டை ஓரத்துல தேங்கி நிக்கிற தடம் அது. அசல் முத்தை முதல்ல சிப்பி வளர்க்குது, அப்புறம்தான் நாம துளைக்கிறோம், அதனால அங்க தேங்கறதுக்கு எதுவும் கிடையாது, ஓரம் சுத்தமா வெட்டின மாதிரி இருக்கும்.

அதே மணியில உரிஞ்ச எடத்தை பெருசாக்கி பாருங்க. உரிஞ்ச தோல் மெல்லிசா மேல சுருண்டு நிக்குது, பழைய நெயில் பாலிஷ் உரியற மாதிரி. அதுக்கு கீழ தெரியறது பளபளன்னு, வெளிச்சம் வழுக்கிட்டு போற வெள்ளைக் கண்ணாடி. ஓட்டை வாய்ல ஒரு சில்லு போயிருக்கு பாருங்க, அந்த சில்லு போன பள்ளம் வழவழன்னு வளைஞ்சு மினுங்குது. கண்ணாடி உடைஞ்சா அப்படித்தான் உடையும். வெளிச்சரத்துல நீங்க எடுத்த நாலும் இதே கதைதான். அது கண்ணாடி மணி, மேல மீன் செதில் சாயம் மாதிரி ஏதோ பூசினது. இந்த செதில் வேலை பிரான்ஸ்ல 17ஆம் நூற்றாண்டுலேயே இருந்துச்சு, சின்ன மீனோட செதிலை கரைச்சு எடுக்கிற மினுமினுப்பு அது. அப்ப உள்ளீடற்ற கண்ணாடிக்குள்ள பூசி மெழுகு ஊத்துவாங்க, இப்ப வெளியில பூசறாங்க.

இனி உள்சரம். மணி 5 மில்லிமீட்டர், 1500 பிக்சல். ஓட்டை 210 பிக்சல், அதாவது 0.7 மில்லிமீட்டர். ஓரம் கூர்மையா இருக்கு, வரப்பு கிடையாது. கொக்கி பக்கத்து ரெண்டாவது மணியில ஓட்டை வாய்ல சில்லு போயிருக்கு, ஆனா இந்த சில்லு சுருளல, தோலா நிக்கல. படி படியா உடைஞ்சிருக்கு, உடைஞ்ச எடம் கொஞ்சம் மங்கலா சுண்ணாம்பு நிறத்துல இருக்கு. அது முத்தோட அடுக்கு உடைஞ்சது. சாய்வா எடுத்த போட்டோவுல ஓட்டை உள்சுவரை பாருங்க, மேல் விளிம்புலேர்ந்து கொஞ்சம் உள்ள ஒரு பழுப்புக் கோடு சுவரைச் சுத்தி ஓடுது. அதுக்கு மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம். கீழ இருக்கறது உள்ள வெச்ச ஓட்டுமணி, அதாவது மட்டி ஓட்டுல உருட்டின மணி, மேல இருக்கறது சிப்பி பூசின அடுக்கு, நடுவுல அந்தக் கோடு. விளிம்புலேர்ந்து கோடு வரைக்கும் கிட்டத்தட்ட 90 பிக்சல், 0.3 மில்லிமீட்டர். சாய்வா எடுத்ததால அளவு கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், அதனால நிஜத்துல அதைவிட கூட இருக்கலாம். இது வளர்ப்பு முத்து, உள்ள மணி வெச்சு கடல் சிப்பியில வளர்த்தது, ஜப்பான்ல வளர்க்கிற அகோயா வகை மாதிரின்னு சொல்லுவேன். நடுச்சரத்துல மூணு மணி இதே மாதிரி. நாலாவதுல மட்டும் எனக்கு சந்தேகம் இருக்கு, அதை தனியா எழுதறேன்.

ஊர்க்குருவி

உள்ள மணி வெச்சதுன்னா அதுவும் ஒரு வகையில போலிதானே? எங்க பக்கத்து கடையில ஷெல் பேர்ல்னு விக்கிறாங்க, உள்ள சிப்பி ஓட்டுமணி, அதுவும் இதே தானா?

கோர்ப்புக்கடை

இல்ல, ரெண்டும் வேற. வளர்ப்பு முத்துல உள்ள வெக்கிற மணி பெரும்பாலும் அமெரிக்க ஆத்து மட்டி ஓட்டுலேர்ந்து உருட்டினது, ஆனா அதுக்கு மேல இருக்கறது உயிரோட இருக்கிற சிப்பி மாசக்கணக்குல பூசினது. ஷெல் பேர்ல்ல உள்ள ஓட்டுமணி இருக்கும், மேல இருக்கறது மனுஷன் பூசின சாயம். அதை முத்துன்னு சொல்லி விக்கக்கூடாது.

இந்த ஷெல் பேர்ல்தான் போட்டோவுல பெரிய சிக்கல். கண்ணாடியா இருந்தா உரிஞ்ச எடத்துல பளபளப்பு காட்டிக்கொடுத்துடும். ஷெல் பேர்ல் உரிஞ்சா கீழ தெரியறதும் ஓடு, தேஞ்சு போன அகோயா முத்து உரிஞ்சா கீழ தெரியறதும் ஓடு, ரெண்டும் ஒரே மங்கல் வெள்ளை, சில சமயம் ரெண்டுலயும் மெல்லிசா வரி வரியா தெரியும். கீழ இருக்கறதை பார்த்து பிரிக்கவே முடியாது. மேல போன அடுக்கோட ஓரத்தை பார்த்துத்தான் பிரிக்கணும். சுருண்டா, நீண்டா, தோல் மாதிரி தொங்கினா சாயம். நேரா நொறுங்கி, படி விழுந்தா முத்தடுக்கு.

நடுச்சரம் நாலாவது மணியில எனக்கு வந்த சந்தேகம் இதுதான். வாய் ஓரத்துல அடுக்கு போயிருக்கு, கீழ ஓடு தெரியுது, ஆனா போன அடுக்கு ரொம்ப மெல்லிசு. சுருளவும் இல்ல, படி விழுந்த மாதிரியும் தெளிவா இல்ல. பழுப்புக் கோடும் தெரியல.

மேக்ரோமணி

அந்த நாலாவது மணியை நானும் பார்த்தேன். எனக்கு அது ஷெல் பேர்ல் மாதிரி தோணுது. ஓட்டையோட வாய் ஓரத்துல கீழ்பக்கமா ஒரு எடத்துல வரப்பு லேசா தெரியுது, பக்கத்து மூணு மணியில அது இல்ல. சாய்வா எடுத்த ரெண்டாவது போட்டோவுல, ஸ்கேலோட அஞ்சாங்கோட்டுக்கு நேரா பாருங்க.

கோர்ப்புக்கடை

பார்த்தேன். அது வரப்பா, இல்ல நூல்லேர்ந்து வந்த அழுக்கும் எண்ணெயும் தேங்கி நிக்குதான்னு எனக்கு உறுதியா சொல்ல வரல. வருஷக்கணக்கா போட்ட மாலையில வேர்வை, பவுடர் எல்லாம் ஓட்டை வாய்லதான் போய் உட்காரும். விலை கம்மியான அகோயாவுல அடுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் கீழ இருக்கும், அது தேஞ்சா இப்படித்தான் மெல்லிசா தெரியும். மேடம், ஒரு மெல்லிசு பருத்தித் துணியை லேசா தண்ணியில நனைச்சு பிழிஞ்சு அந்த ஓட்டை வாயை மட்டும் தொடைச்சுட்டு, காஞ்சதும் திரும்ப எடுங்க. சோப்பு, வெனிகர், நகை கிளீனர் எதுவும் வேணாம். நூல் நனையாம பார்த்துக்கோங்க.

தங்கவேட்டை

இருட்டுல பின்னாடி டார்ச் அடிச்சு பார்த்தா உள்ள மணி வரி வரியா தெரியுமே, அதை செய்யலாமே?

கோர்ப்புக்கடை

நல்ல யோசனை தம்பி, மேடம் அதையும் எடுங்க. ஆனா இந்த ஒரு மணிக்கு அது முடிவு சொல்லாது, ஏன்னா ஷெல் பேர்ல் உள்ளயும் அதே ஓட்டுமணிதான், அதுலயும் வரி தெரியலாம். வெளிச்சரத்துக்கு செஞ்சு பார்த்தீங்கன்னா கண்ணாடியில அந்த வரி இருக்காது, அதை உறுதி பண்ணிக்க உதவும்.

வைகைக்கரை

வெளிச்சரம் கண்ணாடின்னு கேட்டதும் மனசு கஷ்டமா இருந்துச்சு, ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சது ரொம்ப நல்லது. அம்மாகிட்ட கேட்டேன், ஒரு தடவை மாலை அறுந்து போய் சித்தி எங்கயோ கொடுத்து கோர்த்து வாங்கினாங்களாம், அப்ப ஒரு சரம் கூட்டி மூணாக்கினாங்களான்னு அவங்களுக்கு ஞாபகம் இல்ல. ஒரே ஒரு கேள்வி. உள்சரம் வளர்ப்பு முத்துன்னா அப்ப தூத்துக்குடி கதை பொய்யா?

கோர்ப்புக்கடை

மேடம், போட்டோ அவ்வளவு தூரம் பேசாது. ஓட்டைக்குள்ள ஓட்டுமணி தெரியுதுங்கறதால, மனுஷன் மணி வெக்காம மன்னார் வளைகுடாவுல குளிச்சு எடுத்த இயற்கை முத்து இல்லைன்னு மட்டும் சொல்லலாம். தூத்துக்குடி பக்கம் கடைசியா பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ல, அதோட நின்னுடுச்சு. ஆனா அதே ஊர்ல 1973ல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கி காட்டினாங்க. நம்ம கடல் சிப்பியும் ஜப்பான்ல அகோயாவுக்கு பயன்படுத்துறதும் நெருங்கின இனம், ரெண்டுக்கும் பிங்டாடா ஃபுகாட்டான்னே பேர் சொல்றாங்க. அதனால ஓட்டையை பார்த்து ஜப்பானா தூத்துக்குடியான்னு யாராவது உறுதியா சொன்னா நம்பாதீங்க. சித்தி தூத்துக்குடி கடையில வாங்கியிருக்கலாம், அதையும் தூத்துக்குடி முத்துன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க.

ஊர்க்குருவி

பழைய இயற்கை முத்தா இருந்தா ஓட்டை எப்படி இருக்கும்?

கோர்ப்புக்கடை

பழைய காலத்துல வில் மாதிரி ஒண்ணை இழுத்து சுத்துற துளைக்கருவியில கையால துளைப்பாங்க. எடை போகக்கூடாதுன்னு ஓட்டை இன்னும் மெல்லிசா இருக்கும், ரெண்டு பக்கத்துலேர்ந்தும் துளைச்சு நடுவுல சந்திக்க வெப்பாங்க, சில முத்துல ரெண்டும் நேரா சந்திக்காம லேசா விலகியிருக்கும். உள்சுவர்ல அந்த ஒரே ஒரு எல்லைக்கோடு இருக்காது, அடுக்கு நிறம் நடுவரைக்கும் மெதுவா மாறிட்டே போகும். ஆனா நன்னீர் வளர்ப்பு முத்துலயும் பெரும்பாலும் உள்ள மணி வெக்க மாட்டாங்க, அதுலயும் எல்லைக்கோடு இருக்காது. இயற்கையா வளர்ப்பான்னு பிரிக்க எக்ஸ்ரே வேணும், போட்டோவுல அந்த எல்லையை தாண்ட முடியாது.

மன்னார்க்காற்று

நான் படம் எடுத்துப் போட்டிருக்கிறன், ரெண்டு தோட்டுக்கும். கம்பிக்குப் பக்கத்தில உடைஞ்ச இடம் தெரியுது. சுருளேல்ல, படிபடியாக் கிடக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரியுது. ஆனா ஒரு தோட்டில கம்பியைச் சுத்தி மஞ்சளாப் பளபளவெண்டு ஒண்டு நிக்குது. அதுதான் அந்த வரப்போ?

மேக்ரோமணி

அந்த மஞ்சள் பசைங்க அக்கா. முத்தை கம்பியில ஒட்ட வெச்ச பசை வெளிய பிதுங்கி காய்ஞ்சிருக்கு. கண்ணாடி மணியோட வரப்பும் முத்து நிறத்துலேயே இருக்கும், ஏன்னா அது மேல பூசின அதே கலவை. இது வேற நிறம், முத்து மேல மட்டும் இல்லாம தங்கக் கம்பி மேலயும் ஏறியிருக்கு.

கோர்ப்புக்கடை

ஆமா, பசைதான். உடைஞ்ச எடம் முத்தடுக்கு மாதிரி தெரியுது, மேல்பரப்புல குழிங்களுக்கு நடுவுல இருக்கிற எடமும் வழவழப்பா இருக்கு. ரெண்டும் முத்துன்னு நினைக்கிறேன், கண்ணாடி இல்ல. உள்ள மணி இருக்கா இல்லையான்னு கம்பியை கழட்டாம பார்க்க முடியாது. கழட்டறதுக்கு நான் சொல்ல மாட்டேன், பழைய பசையை இளக்க சூடோ கெமிக்கலோ வெப்பாங்க, ரெண்டுமே முத்துக்கு கெடுதல். அப்படியே கழட்டாம எக்ஸ்ரே பார்க்கிற லேப் உங்க ஊர் பக்கம் இருந்தா தோடோடயே கொடுங்க.

தங்கவேட்டை

ஆனா ஒரே ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். பிளாஸ்டிக் மணிக்கு இவ்வளவு லென்ஸ் எதுக்கு, கையில எடுத்தா எடை சொல்லிடும்.

கோர்ப்புக்கடை

கையில இருந்தா சரிதான் தம்பி, பிளாஸ்டிக் பளு ரொம்ப கம்மி. ஆனா ஆன்லைன்ல போட்டோவை மட்டும் பார்த்து வாங்கறவங்க எடையை எங்க பார்ப்பாங்க? அங்க ஒரு ஓட்டைலேர்ந்து எதிர் ஓட்டைக்கு மணியைச் சுத்தி ஒரு மெல்லிசு கோடு ஓடுதான்னு பார்க்கணும். ரெண்டு அரை அச்சு சேர்ந்த எடம் அது. பளபளப்பான கோட்டிங்கு கீழ மறைஞ்சிருக்கும், ஆனா பக்கவாட்டு வெளிச்சத்துல ஓட்டைக்கு பக்கத்துல அது தட்டுப்படும். ஓட்டை வாய்ல பிசிறு பிசிறா பிளாஸ்டிக் இழை நிக்கிறதும் உண்டு. விக்கறவர் ஓட்டை பக்கத்து போட்டோ கேட்டா தர மாட்டேங்கறாருன்னா அந்த மாலையை விட்டுடறதுதான் நல்லது.

வைகைக்கரை

நாலாவது மணியை தொடைச்சு எடுத்துட்டேன். அந்த வரப்பு மாதிரி இருந்ததுல பாதி துணியோட வந்துடுச்சு, கறுப்பா இருந்துச்சு. மீதி பாதி அப்படியே இருக்கு. டார்ச் போட்டோவும் சேர்த்து போட்டிருக்கேன், வெளிச்சரத்துல வரியே இல்ல, உள்சரத்துல ரெண்டு மணியில தெளிவா வரி தெரியுது.

மேக்ரோமணி

மீதி பாதி இன்னும் ஓரத்தோட ஒட்டியேதான் இருக்கு, நிறமும் மணி நிறம். நான் என் கருத்தை மாத்திக்கல, ஷெல் பேர்ல்.

கோர்ப்புக்கடை

எனக்கு இப்பவும் ரெண்டு மனசுதான். அழுக்கு பாதி வந்ததால மீதியும் இறுகின அழுக்கா இருக்கலாம், நீங்க சொல்ற மாதிரி சாயமாவும் இருக்கலாம். மேடம், பிரிக்கிற அன்னிக்கு கோர்க்கிறவர் நூலை அறுப்பார்ல, அப்ப இந்த ஒரு மணியை தனியா எடுத்து வெச்சுடுங்க. நூல் இல்லாம எதிர்ப்பக்க ஓட்டையையும் உள்சுவரையும் முழுசா எடுத்து அனுப்புங்க, நூல் மறைச்சதால இப்ப ஒரு பக்கம்தான் தெரியுது. அப்படியே நடுச்சரத்துல நீங்க எடுக்காத மத்த மணிங்களையும் ஒவ்வொண்ணா பார்த்துடுங்க, ஒண்ணு மாறியிருந்தா பக்கத்துலயும் மாறியிருக்கலாம்.

வைகைக்கரை

சரிங்க அண்ணா, கோர்க்கிறவர்கிட்ட ஞாயித்துக்கிழமை போறோம். எல்லா மணியையும் வரிசை மாறாம எடுத்து இங்கயே போடறேன். அதுவரைக்கும் வெளிச்சரத்தை கணக்குல சேர்க்காம, மத்த ரெண்டு சரத்தை மட்டும் மூணா பிரிக்கிறதுன்னு அக்காங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க.